உள்ளங்கைக்குள் அடங்கும் விலைப்பட்டியல்

வீட்டில் பொடி, வத்தல், ஊறுகாய் செய்து விற்பவர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப் பட்டியல்களை விடாமல் திறந்து பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலானவை ஏ4 தாள் அளவில் இருக்கும். கணினித் திரையில் வைத்துப் பார்த்தால் அழகாகவே இருக்கும். ஆனால் வாங்குபவர் அதைக் கணினியில் பார்ப்பதில்லை. அடுப்படியிலோ பேருந்திலோ ஒரு கையில் பையும் மறு கையில் போனுமாக நின்றபடி பார்க்கிறார். அந்தப் போனின் திரை அகலம் எவ்வளவு என்று அளந்து பார்த்திருக்கிறீர்களா? 6.5 அங்குலத் திரை என்று விற்கப்படும் போனில் அகலம் சுமார் 68 மில்லிமீட்டர்தான். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். அப்படியானால் பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 12 புள்ளியில் அடித்த எழுத்து 4 புள்ளியாகிவிடும். மருந்துச் சீட்டின் பொடி எழுத்துகூட இதைவிடப் பெரியது.

அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கும் என் மதினி வைத்திருந்த பட்டியல் இன்னும் சிரமமானது. தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, பெயர், எடை, விலை, கெடாத நாள் என்று நாலு பத்தியில் ஓர் அட்டவணை. அகலம் 297 மில்லிமீட்டர் ஆகிவிட்டதால் எழுத்து 3 புள்ளிக்கும் கீழே போய்விட்டது. வாங்குபவர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். பெரிதாக்கியதும் பத்தித் தலைப்பு மேலே மறைந்துவிடும். திரையில் 190 என்ற எண் மட்டும் நிற்கும். அது எதன் விலை, எத்தனை கிராமுக்கு என்று தெரியாது.

"எல்லாத்தையும் அதுலயே போட்டிருக்கேன் தம்பி. பொறவும் வெல என்னன்னுதான் கேக்காங்க" என்றார் மதினி.

பட்டியல் வேலை செய்யவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. அதில் ஏற்கெனவே எழுதியிருப்பதையே ஆட்கள் திரும்பக் கேட்டால், அவர்கள் படிக்காமல் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களால் படிக்க முடியவில்லை. மதினியின் வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தோம். விலை என்ன, எத்தனை கிராம், பூண்டு போட்டதா, எத்தனை நாள் இருக்கும், கூரியர் எவ்வளவு. திரும்பத் திரும்ப இவைதான். புதிய பட்டியலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் என்ன வேலை என்பதை இந்தக் கேள்விகளே முடிவு செய்தன.

முதலில் பக்க அளவை மாற்றினோம். 1080 பிக்சல் அகலம், 1920 பிக்சல் உயரம். பவர்பாயின்ட்டில் `Design > Slide Size > Custom Slide Size` போய் அகலம் 7.5 அங்குலம், உயரம் 13.333 அங்குலம் என்று கொடுத்தால் போதும். கூகுள் ஸ்லைட்ஸில் `File > Page setup > Custom`. இன்றைய போன்கள் இதைவிட நீளமானவை ஆயிற்றே, பக்கத்தையும் நீட்டிவிடலாமே என்று தோன்றும். நீட்ட வேண்டாம். பிடிஎஃப் திறக்கும் செயலி மேலும் கீழும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும். 68 மில்லிமீட்டர் அகலத்தில் இந்தப் பக்கம் 121 மில்லிமீட்டர் உயரம் வரும். திரையின் உயரம் சுமார் 150. மிச்சமுள்ள இடத்தில் செயலியின் பட்டைகள் உட்கார, பக்கம் முழுதாக ஒரே பார்வையில் தெரியும். முழுதாகத் தெரிவது ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எழுத்தளவில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். 7.5 அங்குல ஸ்லைடில் சாதாரண வரிகள் 24 புள்ளி, பொருளின் பெயர் 40 புள்ளி, எந்த இடத்திலும் 20க்குக் கீழே போவதில்லை. கணினியில் 24 பெரிதாகத் தெரியும், போனில் அது சுருங்கி 8, 9 புள்ளிக்கு வந்து நிற்கும். செய்தித்தாள் எழுத்தின் அளவு ஏறத்தாழ அதுதான். ஒன்றை இங்கே மறக்கக் கூடாது. வயதானவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார்கள், ஆனால் அந்த அமைப்பு பிடிஎஃபுக்குள் செல்லாது. நாம் வைத்த அளவுதான் அவர்களுக்கும். பொடி வாங்குபவர்களில் அவர்களே அதிகம் என்றால் 26, 28 கூட வைக்கலாம், தவறில்லை.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். "ணி", "றீ", "ழு" போன்ற எழுத்துகளில் சுழியும் கொம்பும் மேலும் கீழும் நீளும். வரி இடைவெளி 1.4 மடங்காவது இல்லையென்றால் மேல் வரியின் உகரமும் கீழ் வரியின் புள்ளியும் உரசிக்கொள்ளும். மிகத் தடித்த எழுத்தைச் சின்ன அளவில் போட்டால் சுழிகள் அடைத்துப்போய் ண எது, ன எது என்று தெரியாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் இந்த அளவில் தெளிவாக நிற்கின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வாங்குபவர் பொருளின் பெயரை நகலெடுத்து ஒட்டும்போதுதான் விஷயம் வெளிவரும்: தமிழ் என்று தெரிந்தது `jkpo;` என்று போய் விழும். யூனிகோட் எழுத்துருவில் செய்த பிடிஎஃபிலும் நகலெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறுவது உண்டு.

அதனால்தான் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுக்கச் சொன்னேன். மதினியிடம் இருப்பது ஒன்பது பொருள்: இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி, புளிக்காய்ச்சல், சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல், மோர் மிளகாய், முறுக்கு. முன்பெல்லாம் "பொடி 2 பாக்கெட் அனுப்புங்க" என்று ஆர்டர் வரும். நாலு பொடியில் எது, எந்த அளவு பாக்கெட் என்று கேட்டு வாங்குவதற்கே நாலு செய்தி ஆகும். இப்போது "3, 250 கிராம், 2" என்று அனுப்பினால் போதும். எண்ணைப் பக்கத்தின் இடது மேல் மூலையில் பெரிதாக வைத்தோம். இதில் ஒரு விதி உண்டு. ஒரு பொருளை நிறுத்தினாலும் அதன் எண்ணை வேறு பொருளுக்குக் கொடுக்கக் கூடாது. பழைய பட்டியலை வைத்திருப்பவர் 4 என்று அனுப்பினால் அது எள்ளுப் பொடியாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள் என்று பிரித்தோம். கறிவேப்பிலைப் பொடியின் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். மேல் பாதி முழுக்கப் படம். வெள்ளைத் தட்டில் பொடியைக் கொட்டி, பக்கத்தில் ஒரு தேக்கரண்டி வைத்து, காலையில் ஜன்னல் ஓரம் எடுத்தது. ஃபிளாஷ் போடவில்லை. ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் எண்ணெய்ப் பசையுள்ள இடமெல்லாம் வெள்ளையாகப் பளிச்சிட்டு, பொடியின் கரும்பச்சை நிறம் போய்விடும். கரண்டி எதற்கென்றால், பொடி நைசாக இருக்கிறதா கொரகொரப்பாக இருக்கிறதா என்பது பக்கத்தில் தெரிந்த ஒரு பொருள் இருந்தால்தான் புலப்படும். வத்தல்களுக்கு இன்னொன்று செய்தோம். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் சிறிய படத்தில் ஒன்றுபோலவே கருப்பாகத் தெரியும். காய்ந்ததை ஒரு கிண்ணத்திலும் எண்ணெயில் பொரித்ததை இன்னொரு கிண்ணத்திலும் வைத்து ஒரே படமாக எடுத்ததும் வித்தியாசம் தெரிந்தது.

படத்துக்குக் கீழே பெயர். அதற்கும் கீழே வழக்கமாக எல்லோரும் எழுதும் "பாரம்பரியச் சுவை", "பாட்டி கைப்பக்குவம்" போன்ற வரிகளை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் சேர்மானங்களை எழுதினோம்: கறிவேப்பிலை, உளுந்தம்பருப்பு, மிளகாய் வத்தல், புளி, கல் உப்பு, கூட்டுப் பெருங்காயம். அடுத்த வரியில், "பூண்டு இல்லை." இந்த ஒரு வரி எத்தனையோ கேள்விகளை நிறுத்திவிட்டது. "கூட்டுப் பெருங்காயம்" என்று முழுதாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் கட்டியாகவும் தூளாகவும் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, வெறும் உளுந்துப் பொடிதானே என்று நம்பிச் சாப்பிட்டால் தொல்லை. அதனால் கீழே "கோதுமை சேர்ந்தது" என்றும் போட்டோம். நிலக்கடலை, எள், பால் சேர்ந்த பொருட்களிலும் அப்படியே. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் போட்ட சைவக் குறியும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்கப் பதிவு எண்ணும் பாக்கெட்டில் இருப்பது போலவே பட்டியலிலும் இடம்பெற்றன. எதற்கு இங்கேயும் என்று மதினி கேட்டார். முன்பின் தெரியாத ஒருவர் முதன்முறை பணம் அனுப்பும் முன் பார்ப்பது பட்டியலைத்தான், பாக்கெட்டை அல்ல.

பிறகு எடையும் விலையும், இரண்டே வரிகளில். 100 கிராம் ₹80. 250 கிராம் ₹190. அட்டவணைக் கோடுகள் வேண்டியதில்லை. "ஒரு பாக்கெட்" என்ற சொல்லைப் பட்டியல் முழுவதிலும் தவிர்த்தோம். அதற்குக் கீழே எத்தனை நாள் கெடாது என்பது. "2 மாதம்" என்று மட்டும் எழுதினால் வாங்கிய நாளிலிருந்தா, அரைத்த நாளிலிருந்தா என்ற கேள்வி வரும். "அரைத்த நாளிலிருந்து 2 மாதம். ஈரக் கரண்டி போடாமல், மூடி வைக்கவும். அரைத்த நாள் பாக்கெட்டில் இருக்கும்" என்று எழுதினோம்.

இனி, பக்கம் முழுதாக ஒரே திரையில் தெரிய வேண்டும் என்றேனே, அந்தக் காரணம். ஆட்கள் பிடிஎஃபை முழுதாக அனுப்புவதைவிட, தங்களுக்குப் பிடித்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது அதிகம். "இந்தப் பொடி நல்லா இருக்கு பாரு" என்று அக்காவுக்கு ஒரு படம் போகும். அந்தப் படம் தனியாகத்தான் பயணம் செய்கிறது. விலைகளையெல்லாம் கடைசிப் பக்கத்தில் சேர்த்து வைத்திருந்தால் அக்காவுக்கு விலை தெரியாது. தொடர்பு எண் முதல் பக்கத்தில் மட்டும் இருந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தொழிலின் பெயர், வாட்ஸ்அப் எண், விலை எந்தத் தேதி வரை என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

அந்தத் தேதியைத்தான் நான் எல்லாவற்றையும்விட வலியுறுத்துவேன். அனுப்பிய பிடிஎஃபைத் திரும்பப் பெற வழியில்லை. வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக அழிக்கும் வசதி இரண்டு நாள் சொச்சத்துக்குத்தான். அதற்குள் யாராவது வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டிருந்தால் அந்தப் பிரதி நம் கையில் இல்லை. உளுந்து விலை ஏறி, மதினி பொடி விலையை ஏற்றிய பிறகும், பழைய அட்டவணையைக் காட்டி "இதில் இவ்வளவுதானே போட்டிருக்கு" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்டதில் நியாயமும் இருந்தது, ஏனென்றால் அதில் தேதியே இல்லை. இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் "இந்த விலை 30.06.2025 வரை" என்பது போல ஒரு வரி இருக்கும். பன்னிரண்டு பக்கத்திலும் போய்த் திருத்த வேண்டியதில்லை. பவர்பாயின்ட்டில் `View > Slide Master` திறந்து அங்கே அடிவரியை வைத்துவிட்டால், ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறும். கோப்பின் பெயரிலும் ஆண்டும் மாதமும் வேண்டும். `final new 2.pdf` என்று போனால், மூன்று மாதம் கழித்து வாங்குபவர் தன் போனில் தேடும்போது எது புதியது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

பன்னிரண்டு பக்கம் எப்படி வந்தது என்றால், ஒன்பது பொருளுக்கு ஒன்பது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. முதல் பக்கத்தில் லோகோவும் வாழ்த்து வாசகமும் போடும் வழக்கத்தை விட்டோம். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்து நிற்கும்போது முதல் பக்கத்தின் மேல் பகுதிதான் சிறு முன்னோட்டமாகத் தெரிகிறது. திறப்பதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்த இடத்தில் பொடித் தட்டின் படமும் "வீட்டுப் பொடி, வத்தல், முறுக்கு" என்ற வரியும் இருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் ஒன்பது பெயரும் எண்ணும் தொடக்க விலையும். அவசரக்காரர்களுக்கு அது ஒன்றே போதும்.

கடைசிப் பக்கம் கூரியருக்கு. இதை எழுதத்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. மதினி அனுப்பும் கூரியரில் அரை கிலோ அடுக்கில் கட்டணம். 250 கிராம் பொடி, உறை, அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 320 கிராம் வரும். அதற்கும் அரை கிலோ கட்டணம்தான். அதே கட்டணத்தில் இன்னொரு 100 கிராம் பாக்கெட்டையும் வைக்கலாம். இது வாங்குபவருக்குத் தெரிந்தால் அவருக்கும் லாபம், மதினிக்கும் லாபம். "பொடி, வத்தல் சேர்த்து 350 கிராம் வரை ஒரே கூரியர் கட்டணம்" என்று எழுதினோம்.

முறுக்கின் கதை வேறு. பல கூரியர்கள் எடையோடு பெட்டியின் பருமனையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொண்டு, உண்மையான எடை, இந்த எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். ஒரு கிலோ முறுக்கு நொறுங்காமல் போக 30, 25, 20 என்ற அளவில் பெட்டி வேண்டும். பெருக்கினால் 15,000. 5000ஆல் வகுத்தால் 3 கிலோ. ஒரு கிலோ முறுக்குக்கு மூன்று கிலோ கட்டணம். இதைச் சொல்லாமல் விட்டால், ஆர்டர் கொடுத்துவிட்டுக் கட்டணத்தைக் கேட்டதும் ஆள் பின்வாங்குவார். ஆகவே முறுக்குப் பக்கத்திலேயே "வெளியூருக்குப் பெட்டி பெரிது, கூரியர் கட்டணம் தனி" என்று விலைக்குக் கீழே, அதே எழுத்தளவில் போட்டோம்.

பணம் அனுப்ப க்யூஆர் படம் வேண்டும் என்று மதினி ஆசைப்பட்டார். தாளில் அச்சடித்து ஒட்டினால் அது சரி. இங்கே படமும் அதே போனில், கேமராவும் அதே போனில். தன் திரையைத் தானே ஸ்கேன் செய்ய முடியாது. படத்தைச் சேமித்து, பணம் அனுப்பும் செயலியின் உள்ளே போய், கேலரியிலிருந்து எடுக்க வேண்டும். பலருக்கு அது தெரியாது. க்யூஆரை எடுத்துவிட்டு "சரக்கு இருக்கிறது என்று பதில் வந்த பிறகு பணம் அனுப்பவும்" என்று எழுதினோம். யுபிஐ எண்ணை அந்தப் பதிலில் எழுத்தாகவே அனுப்பினால் நகலெடுத்துக்கொள்வார்கள்.

ஆர்டர் கொடுக்க ஒரு பொத்தான் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு. கறிவேப்பிலைப் பொடிப் பக்கத்தில் பச்சைக் கட்டத்துக்குப் பின்னால் இருக்கும் இணைப்பு இது:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Order%203
```

91க்குப் பின் எண் இடைவெளியோ கூட்டல் குறியோ இல்லாமல் வர வேண்டும். `%20` என்பது இடைவெளி. தொட்டால் மதினியின் வாட்ஸ்அப் திறந்து "Order 3" என்று தயாராக நிற்கும். எடையை மட்டும் சேர்த்து அனுப்பினால் போதும். சில பிடிஎஃப் செயலிகளில் தொட்டாலும் இணைப்பு திறக்காது, ஆகவே வாட்ஸ்அப் எண்ணையும் கண்ணுக்குத் தெரியும்படி எழுதியே ஆக வேண்டும். பிடிஎஃபாக மாற்றும்போது `Microsoft Print to PDF` வழியாகப் போனால் இணைப்புகள் செத்துவிடும். `Save As` கொடுத்து பிடிஎஃப் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பவர்பாயின்ட் கோப்பை அப்படியே அனுப்பவும் கூடாது. அந்த எழுத்துரு வாங்குபவரின் போனில் இல்லாவிட்டால் வரிகள் எல்லாம் குலைந்துவிடும்.

கோப்பின் கனத்தையும் பார்க்க வேண்டும். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 3, 4 எம்பி இருக்கும். அப்படியே சேர்த்தால் கோப்பு 30 எம்பியைத் தாண்டும், இடம் நிரம்பிய போனில் அதை இறக்கவே யோசிப்பார்கள். பவர்பாயின்ட்டில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து `Compress Pictures` போய், 150 ppi என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த ஒரு படத்துக்கு மட்டும் என்ற குறியை எடுத்துவிட்டால் எல்லாப் படமும் சேர்ந்து சுருங்கும். 7.5 அங்குலத்துக்கு 150 என்றால் 1125 பிக்சல், போன் திரைக்குச் சரியான அளவு. மதினியின் பன்னிரண்டு பக்கம் 3 எம்பிக்குள் அடங்கிவிட்டது. படங்களாக அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். வாட்ஸ்அப் படத்தை மேலும் சுருக்கும், தமிழ் எழுத்தின் ஓரங்கள் மங்கும். ஆவணமாக அனுப்பினால் அந்தச் சேதாரம் இல்லை. வாட்ஸ்அப் பிசினஸிலேயே கேட்டலாக் வசதி உண்டு, அதையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுக்ககக் குழுவில் ஒருவர் இன்னொருவருக்குத் தள்ளிவிடுவது என்னவோ பிடிஎஃபைத்தான்.

முடித்ததும் வீட்டில் இருந்ததிலேயே விலை குறைந்த போனில் திறந்து, முற்றத்து வெயிலில் நின்று பார்த்தோம். இளமஞ்சள் பின்னணியில் பழுப்பு எழுத்து வைத்திருந்த சேர்மான வரி அங்கே காணாமலே போனது. வெள்ளையில் கறுப்பாக மாற்றினோம். பிறகு பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுத்து, மூன்றாம் நம்பர் கால் கிலோ என்ன விலை என்று மட்டும் கேட்டோம். அவர் பெரிதாக்காமலே படித்துச் சொன்னார்.

இப்போது மதினிக்கு வரும் கேள்விகள் மாறியிருக்கின்றன. காரம் குறைத்து அரைத்துத் தருவீர்களா, ஐப்பசியில் வத்தல் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்குக் கறிவேப்பிலைப் பொடிப் பக்கத்தில் "அரை கிலோவுக்கு மேல் என்றால் காரம் குறைத்துத் தரப்படும்" என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. இரண்டாவதற்கு, அடைமழைக் காலத்தில் 6, 7, 8 எண் பொருட்களின் மூன்று பக்கங்களையும் எடுத்துவிட்டு ஒன்பது பக்கக் கோப்பாக அனுப்பப் போகிறார். வெயில் திரும்பியதும் அந்த மூன்றும் அதே எண்களோடு உள்ளே வரும்.